எட்டு விளக்குகளும் எரிந்தன, கேபிள் மட்டும் சரியில்லை

திருப்பரங்குன்றம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் மோடம் கீழே முன்கூடத்தில் இருக்கிறது. அக்கா மகன் பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பதோ மாடியில், பின்பக்கத்து அறையில். நடுவே ஒரு கான்கிரீட் தளமும் இரண்டு செங்கல் சுவர்களும் இருப்பதால் வைஃபை அங்கே போய்ச் சேருவதற்குள் மெலிந்துவிடும். ஆட்டம் நடுவில் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் "மாமா!" என்று மாடியிலிருந்து குரல் வரும். கேபிள் இழுத்துவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

கடையில் ஆயத்தக் கேபிள் கிடைக்கும். அதை நான் வாங்காததற்குக் காரணம் சுவரில் இருந்த துளை. டிவி கேபிளுக்காக எப்போதோ போட்ட அந்தத் துளையின் குறுக்களவு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். லேன் கேபிளின் தடிமன் 6 மில்லிமீட்டர்தான், எளிதாக நுழைந்துவிடும். ஆனால் அதன் முனையில் இருக்கும் ஆர்ஜே45 பிளக்கின் அகலம் 11 மில்லிமீட்டருக்கு மேல். துளையைப் பெரிதாக்கினால் சுவர்ப் பூச்சு உதிரும். வெறும் கேபிளை இழுத்துவிட்டுப் பிறகு பிளக் மாட்டுவதே சுலபம் என்று தோன்றியது. நீளத்தையும் நம் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு சணல் கயிற்றை மோடத்திலிருந்து படிச்சுவர் வழியாகக் கன்சோல் வரை கொண்டுபோய் அளந்தேன். 17.5 மீட்டர் வந்தது. பிளக் மாட்டுவதில் தவறு நேர்ந்தால் வெட்டி மறுபடி மாட்ட வேண்டியிருக்கும் என்பதற்காக 19 மீட்டர் வாங்கினேன். இந்த ஒன்றரை மீட்டர் பின்னால் எனக்குக் கைகொடுத்தது.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் கேட்6 என்ற வகை லேன் கேபிள், அதற்கேற்ற பிளக்குகள், பிளக்கை அழுத்திக் கம்பிகளில் பதிக்கும் கிரிம்பர், ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு விளக்கை எரித்துக் காட்டும் லேன் டெஸ்டர் எல்லாம் வாங்கினேன். கேட்6 கம்பி, பழைய வகையான கேட்5இ கம்பியைவிடச் சற்றுத் தடிமன். எனவே பிளக் வாங்கும்போது கேபிளின் வகையைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். கேட்5இ பிளக்கில் கேட்6 கம்பிகளைத் திணித்தால் ஒன்றிரண்டு முழுதாக உள்ளே போகாது.

கேபிளை இழுத்து முடித்த பிறகு முதல் முறை பிளக் மாட்டினேன். உறையை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று முழு நிறம், மற்றது அதே நிறக் கோடு போட்ட வெள்ளை. நான் ஜோடிகளைப் பிரிக்காமல் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று அப்படியே வரிசையாக அடுக்கினேன். அடுத்த முனையிலும் அதே வரிசை. "இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருந்தால் போதும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், நானும் அதை நம்பியிருந்தேன். டெஸ்டரை மாட்டினேன். ஒன்றிலிருந்து எட்டு வரை பச்சை விளக்குகள் வரிசை பிசகாமல் ஓடின. இணையமும் வந்தது. வேலை முடிந்தது என்று கருவிகளை எடுத்து வைத்துவிட்டேன்.

அன்று மாலையே மீண்டும் குரல் வந்தது. "மாமா, வைஃபையே பரவாயில்லை. மோட்டார் போட்டால் ஆட்டம் அறுந்துவிடுகிறது." போர் மோட்டாரின் மின்கம்பி அதே படிச்சுவரில்தான் ஏறுகிறது. லேன் கேபிளை அதையொட்டியே ஆணியடித்து விட்டிருந்தேன்.

கன்சோலில் `Test Internet Connection` என்று ஒரு சோதனை இருக்கிறது. அது வீட்டுக்கு வெளியே உள்ள இணையத்தையும் சேர்த்தே அளக்கும். கேபிளின் குறை தனியாகத் தெரியாது. அதனால் கேபிளைக் கன்சோலிலிருந்து கழற்றி மடிக்கணினியில் மாட்டினேன், வைஃபையை அணைத்தேன், விண்டோஸின் பவர்ஷெல்லில் இரண்டு கட்டளைகளை ஓட்டினேன்.

```
Get-NetAdapter
ping -n 500 -l 1400 192.168.1.1
```

முதல் கட்டளை தரும் அட்டவணையில் `LinkSpeed` என்ற பத்தியில் கேபிள் எந்த வேகத்தில் பேசுகிறது என்பது வரும். இரண்டாவது கட்டளை மோடத்துக்கு 500 தரவுப் பொதிகளை அனுப்பி எத்தனை திரும்பின என்று எண்ணும். கடைசியில் உள்ள எண் எங்கள் மோடத்தின் முகவரி, உங்கள் வீட்டில் அது வேறாக இருக்கலாம். `-l 1400` என்பது பொதியைப் பெரிதாக்குகிறது. வழக்கமான சின்னப் பொதி மோசமான கேபிளிலும் தப்பிப் போய்விடும். பெரிய பொதியில் ஒரு துளி சிதைந்தாலும் முழுப் பொதியும் வீணாகும் என்பதால் குறை சீக்கிரம் வெளிப்படும்.

மடிக்கணினி, மோடம் இரண்டிலும் கேபிள் செருகும் துறைகள் கிகாபிட், அதாவது 1000 Mbps வேகத்துக்கானவை. இருந்தும் `LinkSpeed` 100 Mbps என்று காட்டியது. மோட்டார் ஓடாதபோது 500 பொதிகளில் மூன்று காணாமல் போயின. மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு ஓட்டினால் 31. ஆனால் டெஸ்டரில் எட்டு விளக்குகளும் இப்போதும் ஒழுங்காக எரிகின்றன. பிளக்குகளைக் கழற்றி மாட்டினேன், மோடத்தின் துறையை மாற்றினேன், எதிலும் மாற்றமில்லை. இரண்டு நாள் இப்படியே போயின.

அலுவலகங்களுக்குக் கேபிள் இழுக்கும் தொழிலில் உள்ள ஓர் அண்ணன் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் சொன்னேன். வந்தவர் டெஸ்டரைத் தொடவே இல்லை. பிளக்கை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வழியாக எட்டு நிறங்களும் தெரிந்தன.

"தம்பி, பச்சையும் பச்சை வெள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவே. நடுவில் நீலம் எங்கே?"

"இரண்டு முனையிலும் இதே வரிசைதானே அண்ணே, விளக்கும் எரிகிறதே?"

"விளக்குக்குக் கம்பி போய்ச் சேர்ந்தால் போதும். சிக்னலுக்கு ஜோடி போய்ச் சேர வேண்டும்."

அவர் சொன்னதை விரித்து எழுதுகிறேன், இந்தக் கேபிள் வேலையில் நான் அறிந்துகொண்டவற்றில் முக்கியமானது இதுதான். லேன் பிளக் நுழையும் துறையில் எட்டுக் கம்பிகளுக்கும் எட்டு உலோக முனைகள் இருக்கின்றன. அவை 1-2, 3-6, 4-5, 7-8 என்று ஜோடி சேர்ந்து வேலை செய்கின்றன. மூன்றுக்குத் துணை நான்கு இல்லை, ஆறு. நடுவில் இருக்கும் 4, 5 இரண்டும் தனி ஜோடி. இந்த விந்தையான அமைப்பு தொலைபேசியிலிருந்து வந்தது. அங்கே நடு இரண்டு முனைகள் முதல் இணைப்புக்கும், அவற்றின் இருபுறமும் உள்ளவை இரண்டாம் இணைப்புக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்தப் பழக்கத்தோடு ஒத்துப்போகவே லேன் வரிசையிலும் ஒரு ஜோடி இன்னொரு ஜோடியை நடுவில் வைத்துக்கொண்டு நிற்கிறது.

ஒரு ஜோடியில் ஒரு கம்பியில் போகும் சிக்னலுக்கு நேர் எதிரானது மற்றதில் போகும். மறுமுனையில் உள்ள சாதனம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கியிருப்பதால் வழியில் மோட்டார் கம்பியிலிருந்து இரைச்சல் வந்தால் இரண்டின் மீதும் சமமாக விழும், வித்தியாசம் எடுக்கும்போது கழிந்துபோகும். நான் செய்த வரிசையில் மூன்றாம் முனைக்குப் பச்சை வெள்ளை போயிருந்தது, ஆறாம் முனைக்கு நீலம். இவை ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டவை அல்ல. இரைச்சல் ஒன்றில் கூடவும் மற்றதில் குறையவும் விழும், கழியாது. அதைவிட மோசம், பச்சை வெள்ளையோடு முறுக்கியிருந்த பச்சை நான்காம் முனைக்குப் போய்விட்டது. அதாவது 3-6 ஜோடியின் ஒரு காலும் 4-5 ஜோடியின் ஒரு காலும் 19 மீட்டர் நெடுகிலும் கட்டிப் புரண்டுகொண்டு வருகின்றன. ஒன்றின் பேச்சு மற்றதில் கேட்கும்.

100 என்று காட்டியதற்கும் இதில் விடை இருக்கிறது. கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் ஒரே நேரத்தில் பேச வேண்டும். அது முடியாமல் சாதனங்கள் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டன. அந்த வேகத்துக்கு 1-2, 3-6 என்ற இரண்டு ஜோடிகள் போதும். 4-5 பேசாமல் இருக்கும். அதனால் உள்ளுக்குள் நடக்கும் ஒட்டுக்கேட்பு குறைந்து, இணையம் எப்படியோ ஓடியது. வெளியிலிருந்து வரும் மோட்டார் இரைச்சலுக்கு மட்டும் 3-6 பாதுகாப்பில்லாமல் கிடந்தது. ஒன்றிரண்டு மீட்டர் கேபிளில் இதே தவறைச் செய்திருந்தால் ஒருவேளை எதுவுமே வெளியே தெரிந்திருக்காது. அதனால்தான் "ஒரே மாதிரி இருந்தால் போதும்" என்ற பேச்சு இன்னும் உயிரோடிருக்கிறது.

லேன் டெஸ்டரோ மல்டிமீட்டரோ இதைக் காட்டாது. இரண்டும் நேர்மின்சாரத்தை அனுப்பி, வழி இருக்கிறதா என்று மட்டுமே கேட்கின்றன. அறுந்த கம்பி, ஒட்டிக்கொண்ட கம்பிகள், இடம் மாறிய கம்பி இவையெல்லாம் அதில் அகப்படும். ஜோடி பிரிந்ததை வெளிச்சத்தில் நிறம் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதிர்வெண் வைத்து அளக்கும் விலையுயர்ந்த கருவிகள் இருக்கின்றன, ஒரு வீட்டுக் கேபிளுக்காக அவற்றை யாரும் வாங்க மாட்டார்கள்.

இரண்டு முனைகளையும் வெட்டினேன். பி வரிசை என்று அழைக்கப்படும் இந்த ஒழுங்கில் மறுபடி அடுக்கினேன்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. ஏ வரிசை என்று இன்னொன்று உண்டு, அதில் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறியிருக்கும். இரண்டுமே ஜோடிகளைக் காப்பாற்றுகின்றன, எதை எடுத்தாலும் இரு முனையிலும் அதையே வைக்க வேண்டும். பிளக்கின் தாழ்ப்பாள் கீழே, தங்க நிறப் பற்கள் மேலே, கம்பி நுழையும் வாய் நம்மைப் பார்த்து. இப்படிப் பிடித்தால் இடது ஓரம் ஒன்றாம் முனை.

இந்த முறை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கை வேலை என்னுடையது. முதலில் பிளக்குக்குப் பின்னால் வரும் ரப்பர் உறையைக் கேபிளில் கோத்துவிட வேண்டும், பிளக் போட்ட பிறகு அது ஏறாது. வெளியுறையை 3 சென்டிமீட்டர் அளவுக்கு உரித்தேன். அழுத்தி வெட்டாமல் இலேசாகக் கீறி, கேபிளை வளைத்தால் உறை தானே பிளந்துகொள்ளும். உள்ளே கம்பியின் காப்புறையில் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு ஜோடியையும் வளைத்துப் பார்த்தேன். கேட்6 கேபிளின் நடுவில் கூட்டல் குறி போன்ற ஒரு பிளாஸ்டிக் தண்டு ஓடும், அதை உறையின் ஓரத்தோடு நறுக்கிவிட வேண்டும்.

அடுத்து முறுக்கைப் பிரிப்பது. நான்கு ஜோடிகளையும் ஒரே நேரத்தில் பிரிக்கக் கூடாது என்றார். என் கேபிளில் வெள்ளைக் கம்பிகளின் மேலிருந்த கோடு மிக மங்கல். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டால் எந்த வெள்ளை எந்த ஜோடியுடையது என்பது தெரியாமல் போகும். ஒரு ஜோடியைப் பிரித்து, அதை இடத்தில் வைத்து, கட்டை விரலால் அழுத்திக்கொண்டு அடுத்ததைப் பிரித்தேன். பிறகு எட்டையும் ஒரு திருப்புளியின் தண்டுமீது வைத்து விரலால் இழுத்து நேராக்கினேன். எட்டுக் கம்பிகளும் ஓலைப்பாயின் கீற்றுகள் போல இடைவெளியின்றிப் படிந்தன. உறையிலிருந்து 13 மில்லிமீட்டர் விட்டு, கிரிம்பரின் கத்தியால் ஒரே வெட்டு. இந்த 13 மில்லிமீட்டருக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முறுக்கு அதற்குமேல் பிரிந்தால் பிளக்கின் வாயிலேயே ஒட்டுக்கேட்பு தொடங்கிவிடும். நீளம் கூடினால் வெளியுறை பிளக்குக்குள் போய்ச் சேராது. பிறகு கேபிளை யாராவது இழுத்தால் இழுவை முழுதும் மெல்லிய கம்பிகள்மேல் விழும்.

கம்பிகளை உள்ளே தள்ளியதும் பிளக்கை முன்பக்கமாகத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். எட்டுச் செம்புப் புள்ளிகள் மின்ன வேண்டும். மாடி முனையில் எட்டும் தெரிந்தன. கீழே முன்கூடத்தில் வெளிச்சம் போதாமல் நான் சரியாகப் பார்க்காமலேயே கிரிம்பரை அழுத்திவிட்டேன்.

டெஸ்டரின் பெரிய பெட்டியை மோடம் பக்கமும் சின்னப் பெட்டியை மாடியிலும் மாட்டினோம். மாடியில் மாப்பிள்ளை விளக்குகளை எண்ணிச் சொன்னான். "ஐந்து... ஆறு... எட்டு." ஏழைத் தாண்டிவிட்டது. ஒரு விளக்கு எரியவில்லை என்றால் அந்தக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பல் அதைக் கடிக்கவில்லை. புதுக் கேபிளில் பெரும்பாலும் பிளக்கில்தான் குறை இருக்கும். இரண்டு விளக்குகள் சேர்ந்து எரிந்தால் கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. சின்னப் பெட்டியில் எண்கள் முன்பின்னாக வந்தால் வரிசை மாறியிருக்கிறது. எந்த முனையில் குறை என்பதை டெஸ்டர் சொல்லாது. கைப்பேசி விளக்கை அடித்துக் கீழ்ப் பிளக்கின் முகத்தைப் பார்த்தேன். ஏழாவது இடத்தில் புள்ளி மின்னவில்லை. பழுப்பு வெள்ளை ஒரு மில்லிமீட்டர் பின்தங்கி நின்றிருந்தது. மறுபடி கிரிம்பரை அழுத்திப் பார்த்தேன், பலனில்லை, பல்லுக்கு எட்டாத கம்பியை எவ்வளவு அழுத்தினாலும் கடிக்காது. பற்கள் மேலே துருத்திக்கொண்டிருக்கும்போது மட்டுமே இரண்டாவது அழுத்தம் உதவும். பிளக்கை வெட்டி எறிந்து புதிதாகப் போட்டேன். வாங்கி வைத்த கூடுதல் நீளம் அங்கேதான் பயன்பட்டது.

அதற்கு முன், பிளக் இல்லாமல் முனை வெறுமையாக இருந்த அந்த இடைவெளியில் அண்ணன் இன்னொரு சோதனையும் காட்டினார். மாடிப் பிளக்கையும் வெட்டியிருந்தால் இன்னும் எளிது என்றார். அது வீண் என்பதால், மீந்திருந்த பழைய பிளக் ஒன்றில் பழுப்பு முனைகள் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, இரண்டு பிளக்குகளை எதிரெதிரே சேர்க்கும் இணைப்பான் ஒன்றின் வழியாக மாடி முனையில் சேர்த்தார். கீழே மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பழுப்பு, பழுப்பு வெள்ளை இரண்டையும் தொட்டோம். 2.8 ஓம். மீட்டரின் முள்கள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3 வந்தது, அதைக் கழித்தால் 2.5. தடிமனான செம்புக் கேட்6 கம்பியின் தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.067 ஓம். வெட்டியது போக மீந்த 18.5 மீட்டர் கேபிளில் போக வர 37 மீட்டருக்கு 2.5 வரும், கணக்கு பொருந்துகிறது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிளாக இருந்திருந்தால் 4 ஓம் பக்கம் காட்டியிருக்கும். அந்தக் கம்பி வளைத்தால் சீக்கிரம் ஒடியும், நீண்ட தூரத்துக்கு உதவாது. மீட்டர் இல்லாதவர்கள் கம்பியின் மேற்புறத்தைக் கத்தியால் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம்.

புதிய பிளக் போட்டு முடித்ததும் விளக்குகள் ஒன்றிலிருந்து எட்டு வரை ஓடின. அதைக் கண்டு எழுந்துவிடவில்லை. இரண்டு முனைகளையும் வெளிச்சத்தில் பிடித்து நிறங்களை வாய்விட்டுப் படித்தோம், மாப்பிள்ளை மாடியில், நான் கீழே. பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை. பிறகு அதே மடிக்கணினி, அதே இரண்டு கட்டளைகள். `LinkSpeed` 1 Gbps என்று வந்தது. கேபிளைச் சுவரில் இடம் மாற்றாமல், மோட்டார் கம்பியை ஒட்டியே இருக்க விட்டு, மோட்டாரையும் ஓடவிட்டு ஓட்டினேன். 500 அனுப்பினோம், 500 வந்தன. குறை பிளக்கில்தான் இருந்தது என்பது அப்போது உறுதியானது. இடத்தையும் சேர்த்து மாற்றியிருந்தால் எது காரணம் என்பது எனக்குத் தெரிந்தே இருக்காது.

அதற்கு அடுத்த நாள் ஆணிகளைப் பிடுங்கி, கேபிளை மோட்டார் கம்பியிலிருந்து ஒரு சாண் தள்ளி அடித்தேன். மூலைகளில் மடக்காமல் அகலமான வளைவாகத் திருப்பிவிட்டேன். எங்கள் இணையத் திட்டமே 100 மெகாபிட்தான் என்பதால் ஆட்டங்கள் பதிவிறங்கும் வேகம் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் மோட்டார் போடும் நேரத்தில் மாடியிலிருந்து குரல் வருவது நின்றுவிட்டது. மீந்த துண்டில் மாப்பிள்ளை கீழே உள்ள டிவிக்கு முக்கால் மீட்டரில் ஒரு கேபிள் செய்தான். டெஸ்டரைக் கேட்பதற்கு முன்பே பிளக்கை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.